எட்டாம் தவணையின் திகதித்தாள்

என் நாட்குறிப்பில் ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு வரிகள். முதல் வரியில் மழையா வெயிலா என்பதும், எந்த பஸ்ஸில் வேலைக்குப் போனேன் என்பதும் இருக்கும். கடைசி வரியில் அன்றைய செலவு. நடுவில் இருக்கும் இருபதும் பெரும்பாலும் நிரம்புவதில்லை. பல்லேபொலப் பக்கத்தில் ஒரு சிறு சிக்கன கடனுதவிச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவனுக்கு அவ்வளவு என்ன நடந்துவிடப் போகிறது? ஆனால் அந்த ஜூலை மாதக் கடைசி வாரத்தில் மட்டும் இருபத்திரண்டும் போதாமல், ஓரத்தில் சாய்த்துச் சாய்த்து எழுதியிருக்கிறேன்.

அந்த வாரம் திங்கட்கிழமை ஒரு அக்கா சங்கத்துக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இருபது வருடம் தேயிலைத் தோட்டத்தில், ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்ற கணக்கில், பேர் போட்டு வேலை செய்துவிட்டு, பிறகு வீட்டுத் தோட்டங்களில் பச்சை மிளகு வாங்கிக் காயவைத்து மாத்தளைக் கடைகளுக்கு விற்கிற தொழிலுக்கு வந்தவர். அவர் கணவருக்கு பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சில்லறைக் கடை. இருவரும் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து எதற்காவது பந்தயம் கட்டிக்கொண்டே இருப்பவர்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

மேசை மேல் பாஸ் புத்தகத்தை வைத்துவிட்டு, "தம்பி, வெள்ளிக்கிழமையோட பன்னிரண்டு மாசம் முடியுது. ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து நானூறு. ஐயாயிரம் நோட்டாக் குடுத்திருங்க. ஆயிரம் நோட்டுன்னா எண்ணி முடியாது," என்றார்.

சங்கத்தில் மாதத் தவணைச் சேமிப்பு தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பதினேழு பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் முதலில் முதிர்வது இந்தப் புத்தகம்தான். மாதம் பத்தாயிரம், பன்னிரண்டு தவணை, ஆண்டு வட்டி பன்னிரண்டு வீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி சேர்ப்பது. வாசலில் இருக்கும் கரும்பலகையில் இதை எழுதியது நான். ஆனால் இடம் போதாமல் "ஆண்டு வட்டி 12%" என்பதை மட்டும் பெரிதாக எழுதி, மற்றதை விட்டுவிட்டேன். அக்கா அதைப் பார்த்து, பன்னிரண்டு தவணையையும் கூட்டி, நூற்றுக்குப் பன்னிரண்டு போட்டு, பதினாலாயிரத்து நானூறு என்று முடிவு கட்டியிருக்கிறார். பெருக்கலில் ஒரு தவறும் இல்லை.

"அக்கா, அவ்வளவு வராது," என்றேன்.

"ஏன் வராது? பலகையில ஒங்க கையெழுத்துத்தானே?"

"என் கையெழுத்துதான். ஆனா மொத்தக் காசும் ஒரு வருஷம் இங்க இருக்கலியே."

அக்கா முகம் மாறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே, இது சும்மா பணம் இல்லை என்று தெரிந்தது. பிறகு சொன்னார். மாத்தளை டவுனில், நானா என்று அவர் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் வியாபாரியிடம், ரெண்டு வருடம் ஓடிய மிளகு உதிர்க்கும் மிஷின் இருக்கிறது. கொத்தைப் போட்டால் மணியைத் தனியாகவும் காம்பைத் தனியாகவும் தள்ளுவது. இதுவரை அக்கா சாக்கில் போட்டு மிதித்துத்தான் உதிர்த்து வந்தார். நானா ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரத்துக்குச் சம்மதித்து, வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்குவதாகவும் சொல்லியிருந்தார். அதற்கு மேல்தான் பந்தயம். கணவர் சொல்லியிருக்கிறார், "ஒன்ட சங்கத்துக் காசுலயே வாங்கிக் காட்டு. ஒரு ரூவா கொறஞ்சாலும் நான் போட்டுத் தர்றேன். ஆனா அப்புறம் மிஷின் என் கடைக்குப் பின்னாலதான் நிக்கும்."

"கடைக்குப் பின்னால நின்னா என்ன?" என்றேன்.

"நின்னா அது அவரு மிஷினு. ஊரு ஆளுங்க மொளகை அங்கதான் கொண்டாந்து கொட்டுவாங்க. நான் போயி ஒரு ஓரமா நின்னு, எப்பங்க என் மூட்டைன்னு கேக்கணும். வெளியில கைமாத்து வாங்கவும் கூடாது, வீட்டுக்காசை எடுக்கவும் கூடாது. புத்தகத்துல வர்ற காசு மட்டும். அதான் பேச்சு."

ஆகவே ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பென்சிலைச் சீவி, தவணை தவணையாக எழுத ஆரம்பித்தேன்.

முதல் தவணை ஆகஸ்ட். ஆகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் என்று மூன்று மாதமும் அது இங்கே இருந்தது. மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று. ஒக்டோபர் முடிவில் பத்தாயிரம் 10,300 ஆகிறது. அதற்கு அடுத்த மூன்று மாதத்துக்கு வட்டி பத்தாயிரத்துக்கு இல்லை, 10,300க்கு. ஜனவரி முடிவில் 10,609. ஏப்ரல் முடிவில் 10,927.27. ஜூலை முடிவில் 11,255.09. இரண்டாவது தவணை செப்டெம்பரில் வந்தது. முதல் காலாண்டில் இரண்டே மாதம்தான். ஆகவே ஒக்டோபர் முடிவில் 10,200. அங்கிருந்து மும்மூன்று மாதமாக ஏறி ஜூலையில் 11,145.82. மூன்றாவதுக்கு அந்தக் காலாண்டில் ஒரு மாதம்தான். 10,100இல் தொடங்கி 11,036.54இல் நிற்கிறது.

"இப்படியே இறங்கிக்கிட்டே போகுமா?" என்று அக்கா தாளை எட்டிப் பார்த்தார்.

"போகும். கடைசித் தவணை இந்த மாசம் வந்தது. அதுக்கு ஒரு மாச வட்டி நூறு ரூவாதான்."

அக்கா தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். நேத்து வந்து பேர் போட்டவளுக்கு வருஷம் முழுக்க சம்பளம் குடுத்தா கங்காணியை யாரு சும்மா விடுவாங்க? பலகையைப் பாத்து நான் எல்லாருக்கும் முழு வருஷப் பேர் போட்டுட்டேன்."

இதைவிடச் சுருக்கமாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. அதன் பிறகு பல பேருக்கு அக்காவின் வார்த்தையில்தான் சொல்லிவருகிறேன்.

பன்னிரண்டையும் எழுதி முடித்துக் கூட்டினேன். முதல் மூன்றும் சேர்ந்து 33,437.45. அடுத்த மூன்று 32,463.54. அதற்கடுத்தது 31,518. கடைசி மூன்று 30,600. மொத்தம் 128,018.99. மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம் கூட்டினேன். இரண்டு தரமும் அதுவே வந்தது.

"ஆறாயிரத்து முந்நூத்திச் சொச்சம் கொறையுது," என்றார் அக்கா. மனக்கணக்கில் என்னைவிட வேகம். "அப்ப நானாகிட்டதான் கொறைக்கணும். தம்பி, இந்த நூத்தி இருபத்தெட்டு நிச்சயம்தானே? வார்த்தை குடுத்திட்டு வரப்போறேன்."

"நிச்சயம்," என்றேன்.

அந்தச் சொல்லைத்தான் நாட்குறிப்பில் பிறகு சிவப்புப் பேனையால் கோடிட்டேன்.

புதன்கிழமை அக்கா பாதையில் என்னைப் பிடித்துக்கொண்டார். நானா இறங்கிவிட்டார். "ஒரு பேரிங் கத்துது நானா, ராவைக்கு ஓட்டினா பக்கத்து வீட்டுக் கோழி முட்டை விடாதுன்னேன். ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம், வீட்டுல கொண்டாந்து இறக்கி. பத்தொம்பது ரூவா மிச்சம்." பத்தொன்பது இல்லை, பதினெட்டு ரூபாய் தொண்ணூற்றொன்பது சதம் என்று சொல்ல நினைத்தேன். அவர் இருந்த சந்தோஷத்தில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாலை, மறுநாள் கொடுக்கவேண்டிய பணத்துக்கு வவுச்சர் எழுதப் பேரேட்டைத் திறந்தேன். திங்கட்கிழமை நான் கணக்குப் போட்டது, தவணை எல்லாம் நேரத்துக்கு வந்ததாக நினைத்துக்கொண்டு. வவுச்சர் எழுதும்போது பேரேட்டில் இருக்கும் திகதிப்படிதான் போடவேண்டும். சங்கத்தின் விதி, பாஸ் புத்தகத்தின் பின்னட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. ஐந்தாம் திகதிக்குள் கட்டிய தவணைக்கு அந்த மாதத்திலிருந்து வட்டி. ஐந்துக்குப் பிறகு கட்டினால் அடுத்த மாதத்திலிருந்துதான்.

பேரேட்டில் அக்காவின் பன்னிரண்டு தவணையும் ஐந்துக்குப் பிறகு. எட்டு, பன்னிரண்டு, பத்து, இப்படி. ஒன்றுகூட ஐந்துக்குள் இல்லை.

பென்சிலை எடுத்தேன். எல்லாத் தவணையும் ஒவ்வொரு மாதம் பின்னால் தள்ளினால் முதல் தவணை இரண்டாவதின் இடத்துக்குப் போகிறது, இரண்டாவது மூன்றாவதின் இடத்துக்கு. கடைசித் தவணைக்கு வட்டியே இல்லை. அதாவது முதல் தவணை பன்னிரண்டு மாதத்தில் சம்பாதித்த 1,255.09 மட்டும் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடுகிறது. மற்றதெல்லாம் அப்படியே, ஒரு படி இறங்கி. எனக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடித்திருந்தது. வேறு யாருடைய கணக்காக இருந்தாலும் அதை ரசித்திருப்பேன். மொத்தம் 126,763.90. நானாவுக்கு 1,236 ரூபாய் 10 சதம் குறைகிறது.

ஏன் எல்லாமே ஐந்துக்குப் பிறகு? இதற்குக் காரணம் நான்தான் என்று புரிய எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

எங்கள் சங்கத்தில் வீடு வீடாகப் போய்த் தவணை வாங்குகிற வசூல்காரர் ஒருவர் இருக்கிறார். சிங்களவர், வயதில் மூத்தவர், நான் அய்யே என்றுதான் கூப்பிடுவேன். மாதத்தின் முதல் நாட்களில் போய்ப் பணத்தையும் பாஸ் புத்தகத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வார். அவர் குறிப்புப் புத்தகத்தில் பேரும் தொகையும் மட்டும் இருக்கும், திகதி இருக்காது. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்து, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, சந்தைக்கு வரும்போது சங்கத்தில் கொண்டுவந்து கொட்டுவார். இரண்டாம் சனிக்கிழமை எட்டுக்கு முன்னால் வருவதே இல்லை. நான் பணத்தை எண்ணி, அன்றைய திகதியைப் பேரேட்டிலும் பாஸ் புத்தகத்திலும் எழுதுவேன். என் கண்ணால் பார்க்காத திகதியை எழுதிப் பழக்கமில்லை எனக்கு. ஆனால் வசூல்காரர் கையில் கொடுத்தால் அது சங்கத்திடம் கொடுத்த மாதிரிதான் என்று விதியில் இருக்கிறது. அந்த வரியையும் நானே எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

அய்யேக்குப் போன் எடுத்தேன். எந்தெந்த நாள் போனீர்கள் என்று கேட்டேன். முதல் நாலு நாளைக்குள் போய்விடுவேன், வேறு என்ன தெரியவேண்டும் என்றார் சிங்களத்தில். ஒரு வருடத்தின் பன்னிரண்டு திகதியையும் நினைவிலிருந்து சொல்லச் சொன்னதும், உனக்குத் தூக்கம் வரவில்லையா என்று கேட்டார். அப்போது மாலை ஐந்தரை மணி.

மேசை இழுப்பறையைத் திறந்து மூடினேன். மறுபடி திறந்தேன். அப்போதுதான் அந்தக் கட்டு கண்ணில் பட்டது.

நான் தாளை வீசுவதில்லை. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாள் எது வந்தாலும், கிளிப் போட்டு வைத்து, அதன் முதுகில் கூட்டல் கழித்தல் போடுவேன். அக்கா மாதாமாதம் தன் பத்தாயிரத்தை நாட்காட்டியில் கிழித்த திகதித்தாளில் சுற்றிக் கொடுப்பார். அய்யே அந்தச் சுற்றலைப் பிரிக்காமலே பையில் போடுவார், பிரித்தால் எண்ணிக்கை கலந்துவிடும் என்ற பயம். மேசையில் பிரிப்பது நான். பிரித்த தாளை மூலையில் அக்காவின் கணக்கு இலக்கத்தை எழுதி அந்தக் கட்டோடு சேர்த்துவிடுவேன். எழுதுவது என் வழக்கம்.

ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். பன்னிரண்டு தாளும் இருந்தன. முதுகில் கரண்ட் பில், பஸ் காசு, மாவு விலை எல்லாம் இருந்தது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் திகதி. ஆகஸ்ட் 2. செப்டெம்பர் 1. நவம்பர் 3. மார்ச் 5. ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. ஒக்டோபர் தவணை சுற்றி வந்த தாளில் செப்டெம்பர் 30 என்று இருந்தது. எப்படியிருந்தாலும் ஐந்தைத் தாண்டியது ஒன்றும் இல்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். நாட்குறிப்பிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு மெனேஜர் மிஸ்ஸின் மேசையில் பன்னிரண்டு தாளையும் வரிசையாக அடுக்கினேன். மிஸ் இளவயது, சிங்களவர், கண்டியில் படித்தவர். நான் செய்த தவறை முதலில் சொன்னேன். பிறகு தாள்களைக் காட்டினேன். அய்யேயையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன். மிஸ் ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பார்த்தார், முதுகில் இருந்த என் மாவு விலை உட்பட. இதைக் கணக்காய்வாளர் பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டார். பிறகு, அய்யே ஒரு கடிதத்தில் ஒப்பமிட்டால் திகதிகளைத் திருத்தலாம் என்றார்.

அந்த நேரம் அக்கா வந்தார். பின்னாலேயே அவர் கணவரும். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு நூறு ரூபாய்த் தாள், நுனி வெளியே தெரிகிற மாதிரி.

"எவ்வளவு கொறையுதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றார் அவர் என்னிடம். "இவளுக்கு வெட்கமா இருக்கும், நீங்க எங்கிட்டயே சொல்லுங்க."

"கடையில பாணு வாங்க வந்தவங்க வாசல்ல நிக்கிறாங்களாம்," என்றார் அக்கா திரும்பிப் பார்க்காமல்.

நான் நடந்ததைச் சொன்னேன். பேரேடு, இரண்டாம் சனிக்கிழமை, தாள்கள். மிஸ் செப்டெம்பர் 30 தாளைக் கையில் எடுத்து, ஒக்டோபர் தவணையை செப்டெம்பரிலேயே கொடுத்தீர்களா என்று கேட்டார். மிஸ்ஸின் சிங்களம் அக்காவுக்கு நன்றாகவே புரியும். ஆனால் தமிழில்தான் பதில் சொன்னார்.

"இல்ல மிஸ். ஒண்ணாந்தேதி காலையிலதான் குடுத்தேன். காலையில எந்திரிச்சு மொத வேலையா நேத்துத் தாளைக் கிழிப்போமே, அந்தத் தாள். முப்பதைக் கிழிச்சாத்தான் ஒண்ணு தெரியும். அன்னிக்குத் தாளை அன்னிக்கே கிழிப்பாங்களா யாராவது? எப்பவும் கிழிச்ச கையோட அதுலதான் சுத்திவைப்பேன், நேத்துத் தாளு..."

அங்கே நின்றுவிட்டார். அவர் கண்ணும் என் கண்ணும் ஒரே தாளுக்குப் போயின. மார்ச் 5.

ஒவ்வொரு தாளும் கொடுத்த நாளுக்கு ஒரு நாள் முந்தியது என்றால், ஆகஸ்ட் 2 என்பது மூன்று. நவம்பர் 3 என்பது நாலு. அதெல்லாம் சரி. மார்ச் 5 என்பது ஆறு.

அறையில் அதைக் கவனித்தது நாங்கள் இருவர் மட்டும்தான். மிஸ் அடுத்த தாளுக்குப் போய்விட்டார். அய்யே கடிதத்தில் எங்கே ஒப்பமிடுவது என்று தேடிக்கொண்டிருந்தார். கணவர் தன் நூறு ரூபாயை ஒரு விரலால் இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினார். அக்கா அந்த நூறைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை "நிச்சயம்" என்று சொன்ன நான் மார்ச் தாளின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

அக்காவே மார்ச் தாளை எடுத்து மிஸ் முன்னால் வைத்தார்.

"இது மட்டும் ஆறு, மிஸ். அந்த வாரம் மாத்தளைத் தேரு. நாலு நாள் தங்கச்சி வீட்டுலயே தங்கிட்டேன். அய்யே மூணாந்தேதி வந்து வீடு பூட்டியிருக்குன்னு திரும்பிப் போனாரு. ஆறாந்தேதி மறுபடி வந்தாரு, பாவம். அவரு மேல தப்பில்ல."

அய்யேக்கு அப்போது நினைவு வந்துவிட்டது. ஆமாம், பூட்டிய வீடு, நாய் கூட என்னைப் பார்த்துச் சிரித்தது என்றார்.

"தோட்டத்துல பிந்தி வந்தா அரை நாள் சம்பளம், அரைப்பேருதான்," என்றார் அக்கா. "எட்டாந் தவணைக்கு அரைப்பேர் போடுங்க தம்பி."

எட்டாம் தவணை நேரத்துக்கு வந்திருந்தால் ஏப்ரல் முடிவில் 10,200, ஜூலை முடிவில் 10,506. ஒரு மாதம் பிந்தினால் ஏப்ரலில் 10,100, ஜூலையில் 10,403. நூற்று மூன்று ரூபாய் குறைவு. மொத்தத்தில் கழித்தேன். 127,915.99. நானாவின் ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துக்கு எண்பத்து நாலு ரூபாய் ஒரு சதம் போதாது.

தொகையைச் சத்தமாகச் சொன்னேன். கணவர் மெதுவாக, மிக மெதுவாக, நூறு ரூபாயை வெளியே எடுத்து மேசையில் வைத்து நீவிவிட்டார்.

"கடைக்குப் பின்னால ஒரு தகரம் போட்டுறலாம்," என்றார். "மழையில நனையக் கூடாதில்ல. மிச்சம் பதினஞ்சு ரூவாயை நீயே வச்சுக்க."

என் பையிலும் நூறு ரூபாய் இருந்தது. என் தவறுக்கு என் பணம் என்று எடுத்து வைத்திருப்பேன். ஆனால் பேச்சு அதுவல்ல. புத்தகத்தில் வரும் காசு மட்டும்.

அக்கா போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு மேசையில், அந்த நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"நானா, மிஷினை ஏத்திட்டீங்களா?"

"ஏத்திக்கிட்டிருக்கோம் தங்கச்சி. ஏன், மனசு மாறிட்டுதா?"

"மனசு மாறல. வெல மாறிடுச்சு. அந்த ஸ்பெயார் பெல்ட்டு ஒண்ணு தொங்குதே, பழசு. அது எனக்கு வேணாம். அதை நீங்களே வச்சுக்கிட்டு நூறு ரூவா கொறைச்சுருங்க."

"ஆறாயிரம் கொறைச்சேன், இப்ப நூறுக்கு வாறீங்களே. அந்த பெல்ட்டை நான் என்ன, இடுப்புலயா கட்டுறது?"

"கட்டுங்க நானா. நல்லாத்தான் இருக்கும்."

அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிற சத்தம். லொறியின் கதவு அடிபட்டது. நானா யாரிடமோ கயிற்றை இறுக்கச் சொன்னார். பிறகு திரும்பி வந்தார்.

"சரி தங்கச்சி, ஒரு லட்சத்து இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம். பெல்ட்டையும் வச்சுக்கோங்க. இன்னொரு போன் கோல் வந்தா லொறிக்காரன் என்னை வெட்டிருவான்."

அக்கா போனை அணைத்தார். மேசையில் கிடந்த நூறு ரூபாயை எடுத்து, நாலாக மடித்து, கணவரின் சட்டைப் பையில் அடிவரைக்கும் செருகினார். நுனி வெளியே தெரியவில்லை.

பணத்தை ஐயாயிரம் நோட்டாகவே கொடுத்தேன், முடிந்தவரைக்கும். தொண்ணூற்றொன்பது சதத்துக்குச் சங்கத்துப் பெட்டியில் சில்லறை கிடையாது. ஒரு ரூபாயாகக் கொடுத்து, வவுச்சரில் ஒரு சதம் கூடுதல் என்று தனி வரி எழுதினேன். மிஸ் அந்த வரியை இரண்டு தரம் பார்த்துவிட்டு ஒப்பமிட்டார். நானாவுக்குப் போக அக்கா கையில் பதினாறு ரூபாய். அதைக் கணவரின் கையில் வைத்து, "போய் டீ குடிங்க," என்றார்.

"பதினாறு ரூவாய்க்கு இப்ப எவன் டீ தர்றான்?"

"ஒங்க கடையிலயே கேட்டுப் பாருங்க."

அன்று பிற்பகல் அந்தப் பக்கமாகப் போகவேண்டிய வேலை ஒன்றும் எனக்கு இல்லை. ஆனாலும் போனேன். லொறி வந்து நின்றிருந்தது. மிஷினின் ஒரு காலை நானாவின் ஆள் பிடித்துக்கொள்ள, மறு காலைப் பிடித்து முற்றத்துக்குள் இறக்கியது அக்காவின் கணவர்தான். "கூலி கேக்காதீங்க," என்று அக்கா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். பெல்ட் ஒரு ஆணியில் தொங்கியது. பேரிங் உண்மையிலேயே கத்தியது. கோழிகள் எல்லாம் முருங்கை மரத்தில் ஏறிவிட்டன.

அடுத்த வாரம் எனக்கு வேலை கூடிவிட்டது. மற்றப் பதினாறு பேருடைய பேரேட்டையும் திருத்த வேண்டியிருந்தது. அவர்கள் யாரும் தங்கள் பணத்தைத் திகதித்தாளில் சுற்றவில்லை. ரப்பர் பட்டியும் பொலித்தீன் பையும்தான். அய்யேயும் நானும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினோம். அய்யே இப்போது குறிப்புப் புத்தகத்தில் திகதியும் எழுதுகிறார், வேண்டா வெறுப்பாக, பெரிய எழுத்தில். கரும்பலகையில் இடத்தைக் கூட்டி, "ஒவ்வொரு தவணைக்கும் அது இருந்த மாதங்களுக்கு மட்டும்" என்று சேர்த்து எழுதினேன்.

ஆகஸ்ட் ஐந்தாம் திகதி காலையில், சங்கம் திறந்ததும் முதல் ஆளாக வந்தவர் அக்காவின் கணவர். மாதம் பத்தாயிரம், புதுப் புத்தகம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. "அவகிட்ட சொல்லாதீங்க, அடுத்த வருசம் நான் ஒரு மிஷின் வாங்கிக் காட்டுறேன்," என்று அவரே சொன்னார்.

பணம் ஒரு திகதித்தாளில் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 5. இன்றைய தாள்.

"நேத்துத் தாள்ல சுத்தினா அப்புறம் ஒரு நாள் பிந்தினதுன்னு சண்டை வரும்," என்றார். "அதான் இன்னிக்குத் தாளையே கிழிச்சுட்டேன்."

மதியம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் நாட்காட்டி ஆகஸ்ட் 6 என்று காட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெண் அதையும் கடையில் தொங்கிய ஐந்தாம் திகதிப் பேப்பரையும் பார்த்துவிட்டு, அப்படியானால் இன்றைக்குப் பேப்பர் வரவில்லையா என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.